கூடுதலாக வந்த 43 சென்டிமீட்டர்

கிள்ளானில் புக்கிட் ராஜா பக்கம் ஒரு மேட்டை ஒட்டி அந்த வீட்டுமனை இருக்கிறது. முன்னால் சாலை. வீட்டுக்குப் பின்னால் நிலம் ஒரு கரையைப் போலச் சட்டென்று ஏறி, மேலே மறுபடியும் தட்டையாகிப் பக்கத்து மனையின் வேலியில் முடிகிறது. சாலை ஓரத்துக்கும் வேலிக்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ நான்கு மீட்டர். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பெரியவர். பக்கத்து மனைக்காரர் பின்பக்கம் சுவர் எழுப்பப் போகிறார் என்று கேள்விப்பட்டதும், பேரனைக் கூட்டிக்கொண்டு 50 மீட்டர் ஃபைபர் டேப்பால் தம் நிலத்தை அளந்திருக்கிறார். நீளவாக்கில் 40.66 மீட்டர் வந்தது. கிராண்டில் இருப்பதைவிட 43 சென்டிமீட்டர் கூடுதல்.

"பாருங்க தம்பி, பேப்பருல குறைச்சுப் போட்டுட்டாங்க" என்றார் அவர். 43 சென்டிமீட்டர் தம்முடையது, அதைப் பக்கத்து வீட்டுச் சுவர் விழுங்கப் போகிறது என்று உறுதியாக நம்பினார். நில அளவை படித்தவன் என்பதால் என்னை வரச்சொல்லியிருந்தார்.

அவருடைய டேப்பில் பழுது இல்லை. அவர் படித்த எண்ணிலும் பிழை இல்லை. ஆனாலும் அந்த 43 சென்டிமீட்டர் நிலம் எங்கேயும் கிடையாது. இல்லாத நிலம் டேப்பில் எப்படி வருகிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் காகிதத்தைப் பார்ப்போம். பழைய மலாயா நில வரைபடங்களில் நீளம் அடியிலோ மீட்டரிலோ இருக்காது. லிங்க் என்ற அளவில் இருக்கும். 1620ஆம் ஆண்டு வாக்கில் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் வகுத்த அளவு அது. 66 அடி நீளச் சங்கிலி, அதில் 100 கண்ணிகள். ஒரு கண்ணிதான் ஒரு லிங்க், 7.92 அங்குலம். விநோதமாகத் தோன்றும் இந்த எண்ணுக்குள் ஓர் அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. பத்துச் சதுரச் சங்கிலி சரியாக ஓர் ஏக்கர். எனவே நீளத்தையும் அகலத்தையும் லிங்க்கில் அளந்து பெருக்கி, ஐந்து இலக்கம் தள்ளிப் புள்ளி வைத்தால் ஏக்கர் வந்துவிடும். எழுத்தர் வகுத்தல் கணக்கே போட வேண்டாம்.

இந்த மனை அபூர்வமாகச் சுற்று எண்களில் அமைந்த ஒன்று. அகலம் 100 லிங்க், நீளம் 200 லிங்க். பெருக்கினால் 20,000, ஐந்து இலக்கம் தள்ளினால் 0.2 ஏக்கர். ஒரு லிங்க் 0.201168 மீட்டர். ஆகவே அகலம் 20.117 மீட்டர், நீளம் 40.234 மீட்டர், பரப்பு சுமார் 809 சதுர மீட்டர். (பழைய வரைபடத்தில் 200 என்று பார்த்ததும் அதை அடி என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அப்படி எடுத்தால் இந்த மனை 61 மீட்டர் நீளமாகி, பக்கத்துத் தெருவரை போய்விடும்.)

பெரியவர் அகலத்தையும் அளந்திருந்தார். சாலை ஓரமாக, தட்டைத் தரையில், 20.13 மீட்டர். காகிதத்துக்கும் அதற்கும் ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அதே டேப், அதே கைகள். அகலத்தில் ஒரு சென்டிமீட்டர், நீளத்தில் 43. டேப் பொய் சொல்லவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். பிழை டேப்பில் இல்லை, அது போன வழியில் இருக்கிறது.

நில அலுவலகத்தின் காகிதத்தில் உள்ள நீளம் தரையின்மேல் நடந்து அளந்த நீளம் அல்ல. நட்டநடு மதியத்தில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும்போது, மனையின் நான்கு எல்லைக்கற்களின் நிழலும் ஒரு பெரிய மேசையின்மேல் விழுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நிழல்களுக்கு இடையிலான தூரமே வரைபடத்தில் எழுதப்படுவது. மேடும் பள்ளமும் நிழலில் தெரியாது. உலகம் முழுவதும் நில வரைபடம் இப்படித்தான் போடப்படுகிறது. வேறு வழியும் இல்லை. மேட்டின்மேல் அளந்த நீளங்களைத் தட்டையான தாளில் ஒட்டினால் பக்கத்து மனைகளோடு பொருந்தாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். மேலும் மண் வெட்டிச் சமன் செய்தால் தரை நீளம் மாறிவிடும். நிழல் மாறாது.

டேப்போ தரையோடு போகிறது. சரிவில் ஏறி இறங்குகிறது. ஏறி இறங்கும் கோடு எப்போதும் நிழலைவிட நீளம்தான், ஒருபோதும் குறையாது. எவ்வளவு நீளம் என்பதற்குப் பித்தகோரஸ் தேற்றம் இருக்கிறது. ஆனால் நில அளவையில் வேர்க்கணக்குப் போடாமலே ஒரு குறுக்குவழி உண்டு. சரிவில் அளந்த நீளம் L, இரு முனைகளின் உயர வேறுபாடு h என்றால், கழிக்க வேண்டிய அளவு ஏறத்தாழ

h² ÷ 2L

பத்து மீட்டருக்கு அரை மீட்டர் ஏறினால், 0.25 ÷ 20, அதாவது 12.5 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் ஏறினால் 50 மில்லிமீட்டர். உயரம் இரட்டித்தால் பிழை நான்கு மடங்கு ஆகிறது. ஆகவே சற்றே சாய்ந்த தரை அளவைப் பெரிதாகக் கெடுக்காது. செங்குத்தான ஒரு சின்னக் கரை முழு அளவையும் கெடுத்துவிடும்.

இந்தக் கடைசி வாக்கியம்தான் பெரியவரின் மனைக்குத் திறவுகோல். அங்கே சரிவு ஒரே சீராக இல்லை. நாங்கள் சாலைப்பக்க எல்லைக்கல்லில் தொடங்கி, கரை தொடங்கும் இடத்தில் ஒரு முளையும் கரை முடியும் இடத்தில் ஒரு முளையும் அடித்தோம். கற்களிலும் முளைகளிலும் நேர்க்கம்பு நிறுத்தி, ஒரு முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து எல்லாம் ஒரே வரிசையில் நிற்பதை உறுதிசெய்தோம். பிறகு ஸ்டீல் டேப்பால் மூன்று துண்டுகளாக அளந்தோம். முன்துண்டு 12.200, கரை 16.000, மேல்துண்டு 12.360. கூட்டினால் 40.560 மீட்டர்.

உயரத்துக்குக் கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயே போதும். ஒளி ஊடுருவும் நீண்ட ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இங்கும் மறுமுனையை அங்கும் பிடித்தால், இரு முனைகளிலும் நீர்மட்டம் ஒரே கிடையில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து தரை எவ்வளவு கீழே என்று இரு இடங்களிலும் அளந்து கழித்தால் உயர வேறுபாடு வந்துவிடும். குழாய்க்குள் காற்றுக் குமிழ் இருந்தால் மட்டம் தவறும். அதனால் அளக்கத் தொடங்கும்முன் இரு முனைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மட்டம் ஒன்றாக நிற்காவிட்டால் உள்ளே குமிழ் இருக்கிறது. முன்துண்டில் உயரம் 0.24 மீட்டர். கரையை ஒரே மூச்சில் அளக்க முடியவில்லை. நடுவில் ஒரு முளை வைத்து 1.65, 1.45 என இரண்டு தடவையாக எடுத்தோம், மொத்தம் 3.10. மேல்துண்டில் 0.60.

இனிக் கணக்கு. முன்துண்டு: 0.24ஐ வர்க்கமாக்கி 24.4ஆல் வகுத்தால் 2 மில்லிமீட்டர். மேல்துண்டு: 0.36ஐ 24.72ஆல் வகுத்தால் 15 மில்லிமீட்டர். கரை: 9.61ஐ 32ஆல் வகுத்தால் 300 மில்லிமீட்டர். இவ்வளவு செங்குத்தான இடத்தில் குறுக்குவழி சற்றே குறைத்துக் காட்டும். வேர்க்கணக்குப் போட்டுப் பார்த்தால் 303. மூன்றையும் கூட்டினால் 320 மில்லிமீட்டர். 40.560இலிருந்து கழித்தால் 40.240.

பேரன் கால்குலேட்டரை எடுத்து வேறு மாதிரி போட்டுப் பார்த்தான். "அங்கிள், மொத்த உயரம் 3.94. மொத்த நீளம் 40.56. ஒரே தடவையில போட்டா 19 சென்டிமீட்டர்தானே வருது?" நல்ல கேள்வி. நிறையப் பேர் செய்யும் தவறும் அதுவே. இரு முனைகளின் உயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், நிலம் சாலையிலிருந்து வேலிவரை ஒரே நேரான சாய்தளம் என்று சொன்னதாகிவிடும். உண்மையில் நான்கு மீட்டர் ஏற்றத்தில் முக்கால் பங்குக்கு மேல் நடுவில் பதினாறு மீட்டருக்குள்ளேயே நடந்து முடிகிறது. டேப் போன பாதை உடைந்த கோடு. ஒவ்வொரு உடைவிலும் நிறுத்தி, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே கழிக்க வேண்டும். 19க்கும் 32க்கும் இடையே தொலைந்துபோகிற 13 சென்டிமீட்டர் அந்த உடைவுகளில் இருக்கிறது.

அப்படியானால் 43இல் 32 சரிவுக்குப் போய்விட்டது. மிச்சம் 11. மனையின் நீளவாக்கில் பாதி தூரத்தில் ஒரு ரம்புத்தான் மரம் நிற்கிறது. பெரியவரும் பேரனும் மரத்தைச் சுற்றி டேப்பைக் கொண்டுபோயிருந்தார்கள். நேர்க்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் விலகி. இருபது மீட்டருக்கு ஒரு மீட்டர் விலகல், இரண்டு தடவை. சரிவுக்குப் போட்ட அதே கணக்குத்தான் இதற்கும்: 1 ÷ 40, இரண்டு தடவை, ஆக 5 சென்டிமீட்டர். டேப் மேலே ஏறினாலும் பக்கவாட்டில் வளைந்தாலும் கணிதத்துக்கு இரண்டும் ஒன்றே. மீதி ஆறு சென்டிமீட்டர் கரையில் வளர்ந்திருந்த லாலாங் புல்லின்மேல் டேப் அலை அலையாகக் கிடந்ததில் போயிருக்கும்.

அந்தப் புல்லின் காரணமாகத்தான் நாங்கள் கரைத்துண்டை மட்டும் தரையில் கிடத்தாமல், இரு முளைகளுக்கு நடுவே அந்தரத்தில் இழுத்துப் பிடித்து அளந்தோம். அப்போது இரண்டாவது பிரச்சினை வந்து சேர்கிறது. அந்தரத்தில் தொங்கும் எதுவும் தன் எடையால் தொய்யும். துணி காயும் கொடியைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. தொய்ந்த டேப்பில் படிக்கும் எண் வளைவின் நீளம். நமக்கு வேண்டியதோ இரு முனைகளுக்கு இடையிலான நேர்தூரம். எனவே இதிலும் கழிக்கத்தான் வேண்டும்.

தொங்கும் சங்கிலி எந்த வடிவத்தில் வளைகிறது என்பது ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரிய கணிதப் புதிராக இருந்தது. கலிலியோ அதைப் பரவளையத்துக்கு மிக நெருங்கியது என்று எழுதினார். 1691இல் ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோகான் பெர்னூலி மூவரும் தனித்தனியே அது வேறொரு வளைவு என்று காட்டினார்கள். ஆனால் டேப் அளவுக்குத் தொய்வு சிறிதாக இருக்கும்போது இரண்டு வளைவுகளையும் பிரித்தறியவே முடியாது. எனவே எளிய பரவளையக் கணக்கே போதும். தொங்கும் பகுதியின் எடை W, அதன் நீளம் L, இழுவிசை P என்றால், கழிக்க வேண்டியது

W²L ÷ 24P²

சாதாரண ஸ்டீல் டேப் ஒன்று 13 மில்லிமீட்டர் அகலமும் 0.2 மில்லிமீட்டர் கனமும் உள்ளது என்று வைப்போம். மீட்டருக்கு 20 கிராம் எடை வரும். முப்பது மீட்டர் நீளத்தையும் அந்தரத்தில் பிடித்தால் எடை 0.6 கிலோ. 5 கிலோ இழுவிசையில் தொய்வுப் பிழை 18 மில்லிமீட்டர். அப்போது டேப்பின் நடுப்பகுதி நேர்க்கோட்டுக்கு 45 சென்டிமீட்டர் கீழே தொங்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு அது பெரிய வயிறு. ஆனால் அளவில் அது சாப்பிடுவது இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரிவதற்கும் பிழைக்கும் இங்கே பொருத்தமே இல்லை. சரிவில் இதற்கு நேர்மாறு: சின்னக் கரை என்று கண் ஒதுக்கிவிடும் இடம் முப்பது சென்டிமீட்டரைச் சாப்பிட்டுவிடுகிறது.

இழுவிசையைக் கையால் ஊகிப்பதில்தான் ஆபத்து. களைத்துப்போன கை 3 கிலோவுக்கு இழுத்தால் அதே 18 மில்லிமீட்டர் 50 ஆகிவிடும். 10 கிலோவுக்கு இழுத்தால் நாலரையாகச் சுருங்கும். அதனால் டேப்பின் முனையில் ஒரு வில் தராசை மாட்டி இழுப்பது நல்லது. பாசாரில் மீன் நிறுக்கும் சின்னத் தராசே போதும். ரொம்பவும் பலமாக இழுக்கவும் கூடாது, எஃகும் நீளும். இந்த டேப்பை 5 கிலோவில் சரிபார்த்திருந்தால், 10 கிலோவில் முப்பது மீட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும். தொய்வு அளவைக் கூட்டிக் காட்டுகிறது, நீட்சி குறைத்துக் காட்டுகிறது. இரண்டும் ஒன்றையொன்று சரியாக அழிக்கும் ஓர் இழுவிசை உண்டு. இந்த டேப்புக்கு, முழு முப்பது மீட்டரும் தொங்கும்போது, அது 11 கிலோ அளவில் வருகிறது. அந்த இழுவையில் பிடித்தால் தொய்வுக்குத் திருத்தமே வேண்டாம்.

இன்னொரு வழி இன்னும் எளிது. நடுவில் ஒருவர் நின்று டேப்பை இரு முனைகளின் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்தால் போதும். முப்பது மீட்டர் தொங்கல் இரண்டு பதினைந்து மீட்டர் தொங்கலாக ஆகிறது. மொத்தப் பிழை பாதியாகக் குறையும் என்றுதான் தோன்றும். கால் பங்காகக் குறைகிறது. ஒரே டேப்பில் தொய்வுப் பிழை தொங்கும் நீளத்தின் கனத்தோடு வளர்கிறது என்பதே காரணம்.

இந்தக் கனக்கணக்கைப் பிரிக்பீல்ட்ஸ் கடைவீடுகளில் நன்றாகப் பார்க்கலாம். ஆற்றங்கரைக் களிமண்ணை அறுத்துக் கோலாலம்பூருக்குச் செங்கல் கொடுத்த அந்தப் பகுதியின் பெரும்பாகம் தட்டைத் தரை. அங்கே சரிவு பெரிதாகத் தொல்லை தராது. ஆனால் டேப்பைத் தரையில் கிடத்தவும் இடமில்லை. லோங்காங், ஐந்தடிப்பாதைப் படி, நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிள்கள் என்று எல்லாவற்றுக்கும் மேலே அந்தரத்தில்தான் பிடிக்க வேண்டும். இருபது அடி அகலமும் எழுபத்தைந்து அடி ஆழமும் உள்ள ஒரு கடைவீட்டை எடுத்துக்கொள்வோம். 3 கிலோ இழுவையில் அகலத்தில் தொய்வுப் பிழை அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆழத்தில் அதே இழுவையில் 22 மில்லிமீட்டர். நீளம் நான்கு மடங்குக்கும் குறைவாகத்தான் கூடியது, பிழை ஐம்பது மடங்குக்கு மேல் கூடிவிட்டது. இரு கடைகளுக்குப் பொதுவான சுவர் அரைச் செங்கல் இப்படியா அப்படியா என்று வாதம் நடக்கிற இடத்தில் 22 மில்லிமீட்டர் சிறிய எண் அல்ல.

தொய்வை அடியோடு ஒழித்தவர்களும் உண்டு. 1802இல் ஏப்ரல், மே மாதக் கத்திரி வெயிலில், சென்னை பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோடு அளந்தார். இந்தியத் துணைக்கண்டத்தின் பெரும் முக்கோண அளவைக்கு வித்திட்ட கோடு அது. அவர் பயன்படுத்தியது 100 அடி எஃகுச் சங்கிலி. முதலில் சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோகப்பட்டு, அங்கே ஏற்கப்படாமல் திரும்பிக் கல்கத்தா வந்து, கடைசியில் லாம்டன் கைக்குச் சேர்ந்தது. அவர் அந்தச் சங்கிலியைத் தரையிலும் போடவில்லை, அந்தரத்திலும் தொங்கவிடவில்லை. முக்காலிகளின்மேல் நீண்ட மரப்பெட்டிகளை வரிசையாக வைத்து, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தினார். முழு நீளமும் தாங்கப்பட்டிருந்தால் தொய்வு ஏது? பெட்டிகளே சங்கிலிக்கு நிழலும் தந்தன. உள்ளே வெப்பமானிகள் இருந்தன. நானூறு தடவை அப்படித் தூக்கித் தூக்கி வைத்துத்தான் அந்தக் கோடு முடிந்தது. நம் மனைக்கு அவ்வளவு வேண்டாம் என்றாலும், அங்கே என்ன செய்தார்கள் என்று தெரிந்தால் நாம் எதை விட்டுவிடுகிறோம் என்பதும் தெரியும்.

கண்ணிகள் கோத்த சங்கிலி இன்று வழக்கொழிந்ததற்குத் தொய்வு காரணம் அல்ல, தேய்மானம்தான் காரணம். கன்டர் சங்கிலியில் கண்ணிகளும் வளையங்களும் ஒன்றோடொன்று உரசும் இடங்கள் அறுநூறுக்குக் குறையாது. ஒவ்வொன்றும் நூறில் ஒரு அங்குலம் தேய்ந்தால் சங்கிலி ஆறு அங்குலம் நீண்டுவிடும். நீண்ட சங்கிலியால் அளந்தால் எண் குறைவாக வரும். வேலை தொடங்கும்முன் நிலையான இரண்டு குறிகளுக்கு நடுவே சங்கிலியை வைத்துப் பார்ப்பதை அந்தக் காலத்து அளவைக்காரர்கள் தவறவிடாததற்குக் காரணம் இது.

கிள்ளான் மனைக்குத் திரும்புவோம். கரைத்துண்டு 16 மீட்டர் அந்தரத்தில், 5 கிலோ இழுவையில் இருந்தது. தொய்வு 3 மில்லிமீட்டர். 40.240இலிருந்து கழித்தால் 40.237. வெப்பமும் உண்டு. டேப்பை 20 டிகிரி செல்சியஸில் சரிபார்த்திருந்தார்கள். நாங்கள் அளந்த காலையில் அது 32 டிகிரி இருந்தது. சூடான எஃகு நீள்கிறது. நீண்ட டேப் குறைத்துப் படிக்கிறது. ஆகவே இங்கே கூட்ட வேண்டும். நாற்பது மீட்டருக்குப் பன்னிரண்டு டிகிரியில் 6 மில்லிமீட்டர். முடிவில் 40.243. கிராண்டில் 40.234. வித்தியாசம் 9 மில்லிமீட்டர், அதாவது நாலாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. கையில் பிடித்த டேப்பும் ரப்பர் குழாயும் வைத்து இதைவிட நெருங்க நினைப்பது பேராசை. கரையின் உயரத்தை இரண்டு சென்டிமீட்டர் தவறாக எடுத்திருந்தாலே 4 மில்லிமீட்டர் மாறியிருக்கும்.

பெரியவர் கணக்குத்தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 40.66ஐ 20.13ஆல் பெருக்கி ஒன்பது சதுர மீட்டர், ஏறத்தாழ நூறு சதுர அடி, அதிகம் இருப்பதாக ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஒரு சின்ன அறை அளவு. அது இல்லை என்று சொல்வது எனக்கும் எளிதாக இல்லை. ஆனால் அவர் கேட்ட அடுத்த கேள்வி என்னை மகிழ வைத்தது. "அப்ப, தப்பா அளந்தா எப்பவுமே கூடத்தான் வருமா?"

பெரும்பாலும் அப்படித்தான். சரிவு, பக்கவாட்டு விலகல், தொய்வு, புல்மேல் அலை எல்லாமே டேப்பை வளைக்கின்றன. வளைந்த கோடு நேர்க்கோட்டைவிட நீளம். இவற்றில் ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. எல்லாம் ஒரே பக்கம் சேர்கின்றன. பத்துத் தடவை அளந்து சராசரி எடுத்தாலும் அவை போகமாட்டா. குறைத்துக் காட்டுபவை சூடும் நீட்சியும் தேய்ந்த சங்கிலியும்தான். அதனால் சொந்தமாக அளக்கிறவர்கள் கிராண்டைவிட அதிகம் இருப்பதாகக் காண்பதே வழக்கம்.

அதே கணக்கைத் திருப்பிப் போடும் வேலையும் அன்றே வந்தது. மனையின் மறுபக்கத்துப் பின் எல்லைக்கல்லைக் காணவில்லை. மண் மூடியிருக்க வேண்டும். எல்லைக்கல்லை நகர்த்துவதோ புதிதாக நடுவதோ சட்டப்படி நம் வேலை இல்லை. அதற்கு உரிமம் பெற்ற நில அளவையாளர் வேண்டும். எங்கே தோண்டிப் பார்க்கலாம் என்று கண்டுபிடிப்பதற்குத் தடை இல்லை.

அந்தப் பக்கத்துக் கரையில் புல் குறைவு. அங்கே நாங்கள் வேறு முறையில் அளந்தோம். அளந்து முடித்த பக்கத்திலிருந்து 20.117 மீட்டர் தள்ளி நேர்க்கம்புகள் நிறுத்தி, கரையின் உச்சியில் முளை அடித்துக்கொண்டு, மேலிருந்து கீழாகப் படிப்படியாக இறங்கினோம். டேப்பின் ஒரு முனை மேல்முளையில். மறுமுனையைக் கிடையாக நெஞ்சுயரத்தில் பிடித்து, அங்கிருந்து தூக்குக்குண்டை இறக்கித் தரையில் புள்ளி வைக்க வேண்டும். அடுத்த படி அந்தப் புள்ளியிலிருந்து. நெஞ்சுயரத்துக்கு மேல் போக முடியாததால் ஒரு படிக்கு ஆறேழு மீட்டர்தான் கிடைக்கும். சரிவுக்குத் திருத்தமே வேண்டாம். குறுகிய தொங்கல் என்பதால் தொய்வும் ஒரு பொருட்டில்லை.

இந்த முறையில் கிடைமட்டத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடாது. சரிவில் நிற்கும் கண், தரையோடு சேர்ந்து சாய்ந்திருப்பதைக் கிடை என்று நினைத்து ஏமாறும். அதற்கு ஒரு சின்ன உத்தி இருக்கிறது. தூக்குக்குண்டின் நூலை அசையாமல் பிடித்து, டேப்பின் முனையை நூலை ஒட்டி மெல்ல மேலும் கீழும் ஆட்ட வேண்டும். நூல் டேப்பைத் தொடும் இடத்தில் எண் குறைந்து குறைந்து போய் மறுபடியும் கூடத் தொடங்கும். அந்த மிகக் குறைந்த எண்தான் கிடைத்தூரம். ஒரு புள்ளியிலிருந்து ஒரு செங்குத்துக் கோட்டுக்கு மிகக் குறைந்த தூரம் கிடையாகத்தான் இருக்க முடியும். பேரன் இதை இரண்டே தடவையில் பழகிக்கொண்டான்.

முன் எல்லைக்கல்லுக்கு வந்து சேர்ந்தபோது படிகளின் கூட்டுத்தொகை 28.100 மீட்டர். மொத்தம் 40.234 வேண்டும். எனவே மேல்முளையிலிருந்து வேலியை நோக்கிக் கிடையாக இன்னும் 12.134 மீட்டர் போக வேண்டும். மேலே நிலம் அதற்குள் 55 சென்டிமீட்டர் ஏறுகிறது. இங்கே பேரன் பழக்கத்தில் கழிக்கப் போனான். அளந்த நீளத்தை நிழலாக மாற்றும்போது கழிக்கிறோம்; நிழலைத் தரையில் குறிக்கும்போது கூட்ட வேண்டும். h² ÷ 2L கணக்கில் 12 மில்லிமீட்டர். டேப்பில் 12.146 வைத்துக் குறித்தோம். முதலில் அளந்த பக்கத்துப் பின் எல்லைக்கல்லிலிருந்து 20.117 மீட்டரும் அதே குறிக்கு ஒரு விரல் பக்கத்தில் வந்து விழுந்தது.

பெரியவரே மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். இரண்டு சாண் ஆழம் போனதும் இரும்பு எதிலோ மோதி ஒலித்தது. மண்ணைக் கையால் விலக்கினார். பாசி படிந்த சிமெண்ட் கல், தலையில் குறி. எங்கள் முளைக்கும் அந்தக் குறிக்கும் நடுவே அவருடைய கட்டைவிரல் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருந்தது.